அப்பாவின் வைப்பு வட்டியைக் குறைத்தது யார்?

கோண்டாவில்காரன் | 2025 யூன் 16, இரவு 9.10

அப்பா ஓய்வுபெற்ற ஆசிரியர். 2022 மார்கழியில் 20 இலட்சத்தை நிலையான வைப்பில் போட்டார். ஒரு வருடத்துக்கு 22 சதவீதம். அதற்குப் பிறகு ஆறு ஆறு மாதமாகப் புதுப்பித்து வந்தார், ஒவ்வொரு முறையும் வட்டி இறங்கியே வந்தது. இன்றைக்குப் போனால் ஒரு வருடத்துக்கு 8 என்று எழுதித் தந்திருக்கிறார்கள். அதிலும் பத்தில் ஒன்றை வரி என்று வெட்டுவார்களாம்.

மனுசன் வீட்டுக்கு வந்து துண்டை மேசையில் எறிந்துவிட்டு, "வாக்குக் கேட்டு வரேக்கை ஒண்டும் சொல்லேல்லை, இப்ப வட்டியைக் குறைச்சுப்போட்டாங்கள்" என்று அரசாங்கத்தைத் திட்டுகிறார். இது மத்திய வங்கியின் வேலை, அரசாங்கத்தின் வேலை இல்லை என்றேன். "ரெண்டும் கொழும்பிலைதானே இருக்கு" என்கிறார். எனக்கும் அதற்கு மேல் விளக்கத் தெரியவில்லை. நாணயக் கொள்கை யார் கையில், இறைக் கொள்கை யார் கையில்? அப்பாவின் துண்டை வைத்தே யாராவது சொல்ல முடியுமா?

சங்குப்பிட்டி | இரவு 9.32

இதில் என்ன சிக்கல்? வட்டி என்றால் மத்திய வங்கி, அது நாணயக் கொள்கை. வரியும் செலவும் என்றால் நிதி அமைச்சும் பாராளுமன்றமும், அது இறைக் கொள்கை. உங்கள் அப்பாவின் 22 எட்டானது மத்திய வங்கியால். பத்தில் ஒன்று வெட்டுவது அரசாங்கத்தால். முடிந்தது.

இன்னொன்று. அப்பா 22 சதவீதத்தை நினைத்து ஏங்கத் தேவையில்லை. 2022 மார்கழியில் பணவீக்கம் 57. வட்டி 22. அப்போதே அவருக்கு 35 சதவீதம் நட்டம்.

மீசாலை அக்கா | இரவு 9.47

வட்டி குறைந்துவிட்டது என்று எல்லாரும் சொல்கிறீர்கள். நான் போன புரட்டாதியில் தாலிக்கொடியை அடைவு வைத்தேன். 13 சதவீதம். பக்கத்து வீட்டுப் பிள்ளை போன மாதம் அதே கிளையில் வைத்தது, அதுக்கு 11. எனக்கு மட்டும் ஏன் குறையவில்லை? மத்திய வங்கிக்கு எழுதிக் கேட்கலாமா?

லிகிதர் | இரவு 10.20

நான் வங்கியில் முப்பது வருடம் இருந்தவன், அதில் பாதி கருவூலப் பிரிவில். சங்குப்பிட்டித் தம்பி சொன்னது தேர்வுத் தாளுக்குச் சரி, அப்பாவின் துண்டுக்குப் பாதிதான் சரி. முதலில் கணக்கைப் பார்ப்போம்.

20 இலட்சத்துக்கு 22 சதவீதம் என்றால் வட்டி 4,40,000. அப்போது பிடித்த வரி 5 சதவீதம், 22,000. கைக்கு வந்தது 4,18,000. இப்போது 8 சதவீதம் என்றால் 1,60,000. இந்த ஏப்ரல் முதலாம் தேதியிலிருந்து 10 சதவீதம் பிடிக்கிறார்கள், 16,000. கைக்கு 1,44,000. மொத்தத்தில் 2,74,000 குறைவு. வரி பழையபடி 5 ஆகவே இருந்திருந்தால் 1,52,000 கிடைத்திருக்கும். ஆக, வரி கூடியதால் போனது 8,000 மட்டும். மிச்சம் 2,66,000 வட்டி வீதம் இறங்கியதால் போனது. ஊரில் எல்லாரும் அந்த எட்டாயிரத்துக்குத்தான் சத்தம் போடுகிறார்கள், அது துண்டில் தனி வரியாகத் தெரிவதால்.

அந்த எட்டாயிரம் சந்தேகமில்லாமல் இறைக் கொள்கை. நிதி அமைச்சர் பாதீட்டில் முன்மொழிந்து பாராளுமன்றம் சட்டமாக்கியது. மத்திய வங்கி ஒரு சதம் வரி போட முடியாது. இப்போது ஜனாதிபதியே நிதி அமைச்சர் என்பதால் அந்தத் தொகைக்கு அப்பா அவரைத் திட்டலாம், பிழையில்லை. ஆனால் வருடத்துக்கு மொத்த வருமானம் 18 இலட்சத்தைத் தாண்டாதவர் வங்கியில் சுயபிரகடனம் எழுதிக் கொடுத்தால் அதைப் பிடிக்க மாட்டார்கள். அப்பா கொடுத்தாரா என்று கேளுங்கள்.

மிச்சம் 2,66,000தான் கதை. நாளைக்கு எழுதுகிறேன், கண் மங்குகிறது.

கோண்டாவில்காரன் | இரவு 10.41

கொடுக்கவில்லை ஐயா. அப்படி ஒரு படிவம் இருப்பதாகவே கிளையில் ஒருவரும் சொல்லவில்லையாம். நாளைக்குக் கூட்டிக்கொண்டு போகிறேன்.

லிகிதர் | 2025 யூன் 17, காலை 7.05

விட்ட இடத்திலிருந்து வருகிறேன்.

மத்திய வங்கி உங்கள் வைப்புக்கு வட்டி நிர்ணயிப்பதில்லை. அது நிர்ணயிப்பது ஒரே ஒரு இரவின் விலையை. ஒரு வங்கியிடம் மாலையில் காசு மிஞ்சினால் அதை மத்திய வங்கியில் ஓரிரவு வைக்கலாம், முட்டுப்பட்டால் ஓரிரவு கடன் எடுக்கலாம். இன்றைக்கு ஓரிரவுக் கொள்கை வீதம் 7.75. வைத்தால் 7.25 கிடைக்கும், எடுத்தால் 8.25 கட்ட வேண்டும். இந்த இரண்டுக்கும் இடையில்தான் வங்கிகள் தங்களுக்குள் கைமாற்றுக் கொடுக்கும். 8.25க்கு மத்திய வங்கியே தரும்போது யார் 9 கொடுத்து அயல் வங்கியிடம் வாங்கப் போகிறார்கள்?

சரி, இப்போது 2022 மார்கழிக்குப் போங்கள். அன்றைக்கு மத்திய வங்கி ஓரிரவுக் கடனுக்கு வைத்திருந்த வீதம் 15.5. அப்படியிருக்க ஒரு வங்கி உங்கள் அப்பாவுக்கு ஏன் 22 கொடுத்தது? அது தர்மம் செய்யும் இடம் இல்லையே.

காரணம் திறைசேரி. அரசாங்கத்துக்கு வருமானம் போதாது, வெளிநாட்டில் கடன் எடுக்கவும் வழியில்லை, 2022 ஏப்ரலிலேயே வெளிநாட்டுக் கடனைக் கட்டுவதை நிறுத்திவிட்டார்கள். உள்ளூரில்தான் எடுக்க வேண்டும். 91 நாளில் திருப்பிக் கட்டுகிற கடன் பத்திரமான திறைசேரி உண்டியலுக்கு அந்த நாட்களில் 30 சதவீதத்துக்கு மேல் கொடுத்தார்கள். அப்பாவிடம் 22க்கு வாங்கி, அரசாங்கத்துக்கு 30க்குக் கொடுத்தால் வங்கிக்கு இலாபம். கிளைக்குக் கிளை பதாகை கட்டி வைப்புக் கேட்டது அதற்காகத்தான். 15.5க்கு மத்திய வங்கியிலேயே வேண்டிய அளவு எடுத்து உண்டியல் வாங்கலாமே என்று கேட்பீர்கள். வங்கிகளும் அந்த வாசலை மிதித்துக்கொண்டே இருந்தன, 2023 தையில் மத்திய வங்கி அதற்குக் கட்டுப்பாடு போட்டது.

ஆக 22 என்ற அந்த எண்ணில் மத்திய வங்கியின் பங்கு ஏறக்குறைய 15. அதற்கு மேலே இருந்தது அரசாங்கத்தின் காசு முட்டும், "உள்ளூர்க் கடனிலும் கை வைப்பார்களோ" என்ற பயமும். 2023 யூன் கடைசியில் உள்ளூர்க் கடன் மறுசீரமைப்பை அறிவித்தபோது வங்கிகளிடம் இருந்த உண்டியலையும் நீண்டகாலக் கடன் பத்திரமான முறியையும் விட்டுவிட்டு, ஊழியர் சேமலாப நிதியின் முறிகளைத்தான் உள்ளே இழுத்தார்கள். பயம் போனது, சில வாரங்களுக்குள் உண்டியல் வட்டி மளமளவென்று இறங்கியது. மத்திய வங்கியும் அந்த யூனில் 250 அடிப்படைப் புள்ளி, அதாவது இரண்டரை சதவீதம், யூலையில் 200 என்று குறைத்தது. அப்பாவின் வட்டியை இரண்டு பேரும் சேர்ந்துதான் இறக்கினார்கள். இவர்களில் ஒருவர் குறைக்காமல் இருந்திருந்தாலும் அது 22இல் நின்றிருக்காது.

சங்குப்பிட்டி | காலை 8.15

சரி ஐயா, அந்தப் பகுதியை ஏற்றுக்கொள்கிறேன். ஆனால் 57 சதவீதப் பணவீக்கத்தில் 22 வட்டி நட்டம்தானே?

லிகிதர் | காலை 8.40

இல்லை. 57 என்பது 2021 மார்கழியிலிருந்து 2022 மார்கழி வரைக்கும் விலை எவ்வளவு ஏறியது என்ற கணக்கு. அது முதுகுப் பக்கம் பார்க்கிற எண். அப்பாவின் வைப்பு 2022 மார்கழியிலிருந்து 2023 மார்கழி வரை ஓடியது. அந்தப் பன்னிரண்டு மாதத்தில் கொழும்பு விலைச் சுட்டெண் ஏறியது 4 சதவீதம். 22 வாங்கி 4 இழந்தார். நாட்டில் அந்த வருடம் அப்படிச் சம்பாதித்தவர்கள் கொஞ்சப் பேர்தான்.

நட்டப்பட்டவர் அதற்கு முதல் வருடம் போட்டவர். 2021 மார்கழியில் ஏழோ எட்டோ வட்டிக்குப் போட்டவரின் காசைத்தான் அந்த 57 தின்றது.

சங்குப்பிட்டி | காலை 8.52

விளங்கியது. தலையில் குட்டு வாங்கியாயிற்று.

கச்சேரிப்பக்கம் | காலை 10.30

நான் அரச அலுவலகத்தில் வேலை. ஐயா சொல்வதெல்லாம் சரி, ஆனால் 2021 வரைக்கும் வட்டி ஏன் அவ்வளவு குறைவாக இருந்தது என்பதைத் தொடவில்லை. எங்கள் பக்கமிருந்து பார்த்த கதை இது.

2019 மார்கழியில் பெறுமதி சேர் வரியை 15இலிருந்து 8 ஆக்கினார்கள். தேசத்தைக் கட்டியெழுப்பும் வரியை எடுத்தார்கள். சம்பளத்தில் பிடிக்கிற வரியும் போனது. வருடத்துக்கு 1.2 கோடி விற்பனை இருந்தாலே பதிய வேண்டும் என்றிருந்தது 30 கோடி ஆனது. எங்கள் சந்தையில் பதிந்திருந்த கடைகளில் பாதிக்கு மேல் ஒரே இரவில் வெளியே போய்விட்டன. பிறகு கொரோனா. வருமானம் படுத்துவிட்டது, சம்பளமும் ஓய்வூதியமும் நிற்கவில்லை. பிறகு எங்கிருந்து காசு வந்தது? அச்சடித்தார்கள். மத்திய வங்கி அப்போது அரசாங்கத்தின் பொக்கற். இதில் யார் கையில் எது என்று பிரித்துப் பேசுவதே வேடிக்கை.

லிகிதர் | காலை 11.25

வேடிக்கை இல்லை, அந்த எல்லை உடைந்ததுதான் விபத்தே. எப்படி உடைந்தது என்பதைக் கிட்டப் போய்ப் பாருங்கள்.

புதன்கிழமை தோறும் திறைசேரி உண்டியல் ஏலம் நடக்கும். இத்தனை பில்லியன் ரூபாய் வேண்டும் என்று அரசாங்கம் கேட்கும், முதனிலை வணிகர்களும் வங்கிகளும் விலை சொல்வார்கள். ஏலத்தை நடத்துவது மத்திய வங்கி, அரசாங்கத்தின் முகவராக. அந்தப் பணியை இப்போது படிப்படியாக நிதி அமைச்சில் அமைந்த பகிரங்கப் படுகடன் முகாமைத்துவ அலுவலகத்துக்கு மாற்றுகிறார்கள். 2020, 2021இல் இந்த வட்டிக்கு மேல் ஏற்க மாட்டோம் என்று ஒரு உச்ச வரம்பு போட்டார்கள். சந்தை கேட்ட வட்டி அதற்கு மேலே. ஆகவே ஏலத்தில் பாதிகூட விற்காத நாட்கள் வந்தன. விற்காத உண்டியலை மத்திய வங்கியே நேரடியாக வாங்கி, அரசாங்கத்தின் கணக்கில் காசை வரவு வைத்தது. அச்சகம் ஓடவில்லை, கணக்கில் ஒரு பதிவு விழுந்தது, அவ்வளவுதான். 2019 முடிவில் மத்திய வங்கியிடம் இருந்த அரச பத்திரங்கள் 100 பில்லியனுக்கும் கீழே. 2022 முடிவில் 2,500 பில்லியன் அளவில்.

வட்டியைக் குறைவாக வைத்தது யார் என்று கேட்டால் மத்திய வங்கி என்று பதில் வரும். எதற்காக என்று கேட்டால் திறைசேரி மலிவாகக் கடன் எடுப்பதற்காக. ஆயுதம் நாணயக் கொள்கையுடையது, தேவை இறைக் கொள்கையுடையது. அன்றைக்குத் திறைசேரியின் செயலாளர் நாணயச் சபையில் உறுப்பினர். கடன் எடுப்பவரே வட்டியைத் தீர்மானிக்கிற மேசையில் இருந்தார்.

2022 ஏப்ரல் 8ஆம் தேதி புதிய ஆளுநர் வந்த கையோடு ஒரே நாளில் 700 அடிப்படைப் புள்ளி ஏற்றியது பலருக்கு நினைவிருக்கும். அது பிந்தி வந்த மருந்து.

2023 செப்டெம்பர் 15 முதல் புதிய மத்திய வங்கிச் சட்டம் நடைமுறையில் இருக்கிறது. முதன்மைச் சந்தையில், அதாவது ஏலத்தில், மத்திய வங்கி அரச பத்திரம் வாங்க முடியாது. திறைசேரிச் செயலாளர் இப்போது சபையில் இல்லை. பணவீக்க இலக்கு 5 சதவீதம் என்று நிதி அமைச்சரும் மத்திய வங்கியும் சேர்ந்து கையெழுத்து வைத்திருக்கிறார்கள். இலக்கு இருவருடையது, அதை எப்படி அடைவது என்பது மத்திய வங்கியுடைய பாடு. தொடர்ந்து இரண்டு காலாண்டு தவறினால் பாராளுமன்றத்துக்குக் காரணம் எழுத வேண்டும்.

கச்சேரிப்பக்கம் | பகல் 12.10

இலக்கு 5. போன வருடம் செப்டெம்பரிலிருந்து பணவீக்கம் பூச்சியத்துக்குக் கீழே. மேலே தவறினால் குற்றம், கீழே தவறினால் குற்றமில்லையா?

லிகிதர் | பகல் 12.35

குற்றம்தான், காரணம் எழுதியும் கொடுத்தார்கள். கீழே போனதற்குப் பெரிய பங்கு மின் கட்டணம். இந்தத் தையில் 20 சதவீதம் குறைத்தார்கள். போன கிழமை திரும்ப 15 சதவீதம் ஏற்றியிருக்கிறார்கள். அதைத் தீர்மானிப்பது பொதுப் பயன்பாடுகள் ஆணைக்குழு. அது நாணயக் கொள்கையும் இல்லை, வரியும் இல்லை, ஆனால் சுட்டெண்ணை இரண்டையும் விட வேகமாக அசைக்கிறது. மத்திய வங்கி மின் கட்டணத்தை வட்டியால் துரத்தப் போனால் ஒரு வருடம் பிந்திப் போய்ச் சேரும்.

ரொறன்ரோ தம்பி | பகல் 1.20

இங்கே இருந்து வாசிக்கிறேன். அரசாங்கத்துக்குக் காசு கொடுக்க முடியாது என்கிறீர்கள், ஆனால் போன ஒக்டோபரில் மத்திய வங்கி காசு அச்சடித்தது என்று முகநூல் முழுக்கச் சண்டை நடந்ததே? சட்டத்தை மீறினார்களா?

லிகிதர் | பகல் 2.05

மீறவில்லை. அது திறந்த சந்தை நடவடிக்கை. வங்கிகளிடம் காசு குறைந்தால் அவர்களிடம் உள்ள முறியை ஈடாக வாங்கிக்கொண்டு ஒரு நாளோ ஒரு கிழமையோ காசு கொடுப்பது. தவணை முடிய முறி திரும்பப் போகும், காசு திரும்ப வரும். அரசாங்கத்தின் கணக்குக்கு அதில் ஒன்றும் போவதில்லை. மீசாலை அக்காவின் தாலிக்கொடி மாதிரித்தான், அடைவுக்கடைக்காரர் நகையை விலைக்கு வாங்கவில்லை.

சங்குப்பிட்டி | பகல் 2.30

இந்த இடத்தில் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன் ஐயா. வங்கி அந்த ஈட்டுக் காசை வாங்கி அடுத்த புதன்கிழமை ஏலத்தில் உண்டியல் வாங்கினால்? சுற்றிப் போய் அரசாங்கத்திடம்தானே சேர்கிறது. முன்கதவை அடைத்துவிட்டுப் பின்கதவைத் திறந்து வைத்தால் சட்டம் எதற்கு?

லிகிதர் | பகல் 3.10

கேள்வி நியாயம். ஒரு நாள் காசை நம்பி 364 நாள் உண்டியல் வாங்கும் வங்கி நாளைக்கே அந்தக் காசைத் தேட வேண்டும், அதனால் ஓரளவுக்கு மேல் செய்யாது. ஆனால் நீண்ட தவணைக்குத் தொடர்ந்து கொடுத்தால் உங்கள் பின்கதவு திறந்துதான் இருக்கும். ஏலத்தில் விற்காமல் போகிற உண்டியலும் மத்திய வங்கி வெளியே விடுகிற காசும் ஒரே காலத்தில் கூடுகிறதா என்று பார்க்க வேண்டும். 2021இல் இரண்டும் ஒன்றாகக் கூடின. இப்போது அப்படித் தெரியவில்லை. இன்னொரு தேர்தலோ வெள்ளமோ வந்தால்தான் சட்டத்தின் பலம் தெரியும்.

மீசாலை அக்கா | மாலை 4.00

என்னை எல்லாரும் மறந்தாச்சு. தாலிக்கொடி உதாரணத்துக்கு மட்டும் வேணும்.

லிகிதர் | மாலை 4.25

பிழை என்னுடையது அக்கா. மத்திய வங்கிக்கு எழுதிப் பயனில்லை. அடைவுச் சீட்டில் எழுதிய வீதம் அந்தத் தவணைக்கு அப்படியே நிற்கும், கொள்கை வீதம் இறங்கினாலும் தானாக இறங்காது. அப்பாவின் வைப்பும் அப்படித்தான், கொள்கை வீதம் ஏறியிருந்தாலும் அவருக்கு இடையில் கூட்டித் தரமாட்டார்கள். இன்று வரைக்குமான வட்டியைக் கட்டி மீட்டு, அதே நாள் திரும்ப வைத்தால் 11க்கு எழுதுவார்கள். சேவைக் கட்டணம் எவ்வளவு என்று முதலில் கேளுங்கள். இன்னும் மூன்று மாதம்தான் மிச்சம் என்றால், இலட்சத்துக்கு 2 சதவீதம் மூன்று மாதத்துக்கு 500 ரூபாய். கட்டணமும் முச்சக்கரவண்டிக் கூலியும் அதைத் தின்றுவிடும்.

மீசாலை அக்கா | மாலை 4.40

அப்ப புரட்டாதி வரைக்கும் கிடக்கட்டும்.

கோண்டாவில்காரன் | மாலை 6.50

இன்றைக்கு அப்பாவைக் கூட்டிக்கொண்டு போனேன். சுயபிரகடனம் எழுதிக் கொடுத்தாயிற்று, 16,000 மிச்சம். எட்டாயிரம் கணக்கையும் காட்டினேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "அப்ப முந்தி வயசாளிகளுக்கு 15 வட்டி தந்தவங்களே, அது ஆர் காசு?" என்று கேட்டார். எனக்குப் பதில் தெரியவில்லை.

லிகிதர் | மாலை 7.15

அப்பா எங்கள் எல்லாரையும் விடக் கெட்டிக்காரர். 60 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு 15 சதவீதம் கொடுத்தபோது வங்கியின் வழமையான வட்டிக்கு மேலே உள்ளதைத் திறைசேரிதான் வங்கிக்குக் கட்ட வேண்டும். பெயர் வட்டி, உண்மையில் அது அரசாங்கச் செலவு, சமுர்த்தி மாதிரி. அரசாங்கத்திடம் காசு இல்லாமல் போனபோது 2022 ஒக்டோபரோடு நிறுத்தினார்கள். இந்த வருடப் பாதீட்டிலும் மூத்தோரின் 10 இலட்சம் வரையான ஒரு வருட வைப்புக்கு 3 சதவீதம் மேலதிகம் என்று யூலையிலிருந்து சொல்லியிருக்கிறார்கள். அதற்கும் மத்திய வங்கியின் கொள்கை வீதத்துக்கும் சம்பந்தமில்லை.

கச்சேரிப்பக்கம் | மாலை 7.30

சுற்றறிக்கை வந்தால்தான் நம்பலாம்.

கோண்டாவில்காரன் | மாலை 7.50

அப்படியென்றால் அப்பா இப்போதே ஒரு வருடத்துக்குப் போடுவதா, யூலை வரைக்கும் சேமிப்புக் கணக்கில் வைப்பதா?

லிகிதர் | இரவு 8.10

நாளைக்குப் புதன். மாலையில் ஏல முடிவு வரும். 364 நாள் உண்டியல் எட்டை ஒட்டியே நின்றால் வங்கியும் எட்டைப் பெரிதாகக் குறைக்காது, இரண்டு கிழமை பொறுக்கலாம். அது கீழே இறங்கினால் வியாழக்கிழமை காலையிலேயே 10 இலட்சத்தைக் கட்டிவிட்டு, மற்றப் பத்தை யூலைக்கு வைத்திருக்கச் சொல்லுங்கள்.